என் பெயருக்கு ஒரே ஒரு கட்டம் போதும்

சென்ற மாதம் சிங்கப்பூரில் ஒரு கணக்காளர் வேலை எனக்குக் கிடைக்காமல் போனது. என் படிப்பிலோ அனுபவத்திலோ குறை இல்லை. என்னைத் தேடியவர்களால் என்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். என் பழைய மேலாளர் சூ சூ என்ற என் பெயரைச் சொல்லி, வேலை தேடுவோர் எல்லாரும் இருக்கும் அந்தத் தொழில் வலைத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்களும் தேடி, ரங்கூனில் கணக்கு வேலை பார்க்கும் வேறொரு சூ சூவுக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து மேலாளர் தொலைபேசியில் அழைத்து, "மா சூ, அவர்களுக்கு ஏன் பதிலே போடவில்லை?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வீட்டில் நான் முத்துலட்சுமி. அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர். பர்மாவில், இப்போது பாகோ எனப்படும் பெகுவில் பள்ளியில் சேர்த்தபோது, இங்குள்ள நம்மவர்கள் பலர் செய்வதைப் போல, ஒரு பர்மியப் பெயரையும் வைத்தார்கள். நான் பிறந்தது செவ்வாய்க்கிழமை. பர்மிய வழக்கப்படி அந்தக் கிழமைக்கு உரிய எழுத்துகளில் ஒன்றை எடுத்து, Su Su என்று பதிந்தார்கள். 'சூ' என்றால் வேண்டுதல், பரிசு என்று பொருள். அழகான பெயர். ஆனால் அதே கிழமையில் பிறந்த எத்தனையோ பெண்களுக்கும் அதே பெயர். பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு, எல்.சி.சி.ஐ. கணக்கியல் சான்றிதழ் எல்லாவற்றிலும் நான் Su Su மட்டும்தான்.

இந்த நாட்டில் இது ஒருபோதும் சிக்கலாக இருந்ததில்லை. பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் அலுவலகப் படிவங்களில் தந்தையின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சேர்த்துக் கேட்பார்கள். ஊர் வழக்கிலோ பிறந்த ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட்டின் முழுப் பெயரே 'தாண்ட்' என்ற ஒற்றைச் சொல்தான்; 'ஊ' என்பது மரியாதைச் சொல். அவரை இந்த நாட்டார் பந்தனோ ஊ தாண்ட் என்றார்கள், பந்தனோ அவர் பிறந்த ஊர் என்பதால். உலகத்தின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றில் உட்காருவதற்கு அந்த ஒற்றைப் பெயர் போதுமாக இருந்தது. எனக்கு ஒரு கணக்காளர் வேலைக்குப் போதவில்லை!

அந்த வலைத்தளத்தின் படிவத்தில் இரண்டு கட்டங்கள்: முதல் பெயர், கடைசிப் பெயர். இரண்டும் கட்டாயம். எனக்குக் கடைசிப் பெயர் என்று எதுவும் இல்லை என்று சொல்ல அதில் வழியே இல்லை. வேறு வழியில்லாமல் என் பெயரை நடுவில் வெட்டி, ஒரு கட்டத்தில் Su, மறு கட்டத்தில் Su என்று போட்டேன். தேடினால் Su Su Hlaing, Su Su Aung, Su Su Win என்று பக்கம் பக்கமாக வருகிறது. வெறும் Su Su மட்டும் உள்ளவர்களே முடிவில்லாமல் போகிறார்கள். பர்மிய எழுத்தில் எழுதலாமே என்பார்கள். 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறும்வரை பெரும்பாலோர் ஜோஜி எழுத்துருவில்தான் தட்டினார்கள். பல பெயர்கள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தாலும், கணினிக்கு இரண்டு வெவ்வேறு எழுத்துச் சரங்கள். அதுவும் போகட்டும், சிங்கப்பூரில் இருப்பவர் பர்மிய எழுத்தில் எங்கே தேடப்போகிறார்?

பிறகு ஒவ்வொன்றாக முயன்று பார்த்தேன். Susu என்று சேர்த்து எழுதி, இரண்டாம் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன். பெயரில் குறியீடுகள் கூடாது என்று தடுத்தது. பெயருக்குப் பின்னால் Accountant என்று சேர்த்தேன். பெயர்க் கட்டத்தில் தொழிலை எழுதுவது விதிமீறல். மரியாதைச் சொல்லைச் சேர்த்து Ma Su Su என்று போட்டதுதான் எல்லாவற்றையும்விட மோசம். 'மா' என்பது பர்மாவில் இளம் பெண்ணை அழைக்கும் சொல். சிங்கப்பூரிலோ அது சீனக் குடும்பப் பெயர். என்னைச் சீனப் பெண் என்று நினைத்து ஒரு கடிதம் வந்தது. ஊர்ப்பெயரை முன்னால் வைத்து Bago Su Su என்றேன். "அன்புள்ள பாகோ" என்று எழுதினார்கள். என்னுடைய ஊருக்கா வேலை கொடுக்கப்போகிறார்கள்?

"பெயரையே மாற்றிக்கொள்ளேன்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! முத்துலட்சுமி என்று மட்டும் போட்டால், வேலைக்கு எடுப்பவர் சான்றிதழைச் சரிபார்க்கும்போது Su Su என்று இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று நான் யாரிடம் போய் நிரூபிப்பது? அதோடு, என்னோடு வேலை பார்த்த யாருக்கும் முத்துலட்சுமியைத் தெரியாது.

கடைசியில் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன்தான் என்னோடு உட்கார்ந்து இதைச் சீர்செய்தான். முதல் கட்டத்தில் Su Su முழுவதும், இரண்டாவதில் Muthulakshmi. சான்றிதழில் உள்ள பெயர் உடையாமல் நிற்கிறது, பக்கத்தில் வேறு யாருக்கும் இல்லாத சேர்க்கையும் வந்துவிடுகிறது. Mutulatchumi, Muthulaxmi என்று பல விதமாக எழுதலாம். அதனால் ஒன்றை முடிவு செய்து, சுயவிவரத்திலும் மின்னஞ்சலிலும் அதையே வைத்தேன். பெயரை மாற்றினாலும் பக்கத்தின் முகவரி தானாக மாறாது என்பதை அவன் காட்டினான். பெயருக்குப் பின்னால் எண்ணும் எழுத்துமாக ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தனியே அமைப்பில் போய் `susu-muthulakshmi` என்று மாற்றி, சுயவிவரத்தின் தலையில் எழுதினேன். இப்போது யாரும் என்னைத் தேட வேண்டியதே இல்லை, முகவரியைத் தட்டினால் போதும்.

"நீ தேடிப் பார்த்து மகிழாதே அக்கா" என்றும் சொன்னான். தேடல் முடிவுகள் தேடுகிறவரின் தொடர்புகளைப் பொறுத்தும் அடுக்கப்படுவதால், என் கணக்கிலிருந்து தேடினால் தெரிந்தவர்களெல்லாம் முன்னால் வருவார்கள். எனக்கு முன்பின் தெரியாத அவனுடைய நண்பர் ஒருவரைத் தேடச் சொன்னோம். Su Su என்று மட்டும் போட்டபோது அவருக்கு நான் அகப்படவில்லை. Muthulakshmi சேர்த்ததும் முதலில் நின்றேன். ஆக, பழைய பெயரை மட்டும் அறிந்தவர்களுக்கு நான் இன்னும் தொலைந்தவள்தான். அதற்காக என்னை அறிமுகப்படுத்தும் பத்தியின் முதல் வரியிலேயே, சான்றிதழ்களில் என் பெயர் Su Su என்று எழுதி, வேலை பார்த்த நிறுவனங்களின் பெயர்களையும் சுருக்காமல் போட்டிருக்கிறேன். பெயரோடு நிறுவனத்தையும் சேர்த்துத் தேடுகிறவருக்காவது கிடைக்கட்டும்.

பெயர் ஒன்றைக் கேட்டால் ஒரே கட்டத்தில் முழுப் பெயரையும் எழுத விடுவதற்கு என்ன தடை? என் கடவுச்சீட்டில் வெட்டாத பெயரை இவர்கள் ஏன் வெட்டச் சொல்கிறார்கள்?

நேற்று ஒரு கடிதம் வந்தது. இந்த முறை சரியான ஆளுக்குத்தான் வந்தது. ஆனால் "அன்புள்ள திருமதி முத்துலட்சுமி, இது உங்கள் கணவரின் குடும்பப் பெயரா?" என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் திருமணம் ஆகவில்லை. அது என் பாட்டியின் பெயர், என்னுடைய பெயர் என்று பதில் எழுதினேன்.