52 வாரத் தாழ்வு தரைமட்டம் அல்ல

"52 வாரத் தாழ்வுக்குப் பக்கத்தில் வந்த பங்கு இனி இறங்காது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்."

தவறு. அந்த எண் கடந்த ஓராண்டு வியாபாரத்தில் பங்கு தொட்ட மிகக் குறைந்த விலையின் பதிவு மட்டும்தான். விலை அதற்கும் கீழே போனால் எண்ணும் கூடவே இறங்கும். யெஸ் பேங்க் பங்கு 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்டது. அப்புறம் வழியெல்லாம் புதுப்புதுத் தாழ்வுகள். 2020 மார்ச் 6 அன்று 6 ரூபாய்க்கும் கீழே வந்தது.

பங்கு விலைத் திரையில் இன்றைய தாழ்வான Low, 52 வாரத் தாழ்வான 52W Low இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் பெரும்பாலும் இன்றுதான் புதிய தாழ்வு. சரி, அடுத்து Volume பாருங்கள். தினமும் 2 லட்சம் பங்குகள் கைமாறும் இடத்தில் மதியத்துக்குள் 15 லட்சம் கைமாறி, விலையும் Low-ஐ ஒட்டியே நின்றால், விற்பவர்கள் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. நிறுவனத்தின் அறிவிப்பைப் படிக்காமல் அன்று வாங்காதீர்கள்.