தமிழில் கேட்டால் பதில் ஏன் மெலிந்து வருகிறது?

ஏஐயிடம் தமிழில் கேட்டால் பட்டும் படாமலும் பதில் வருகிறது என்று நிறையப் பேர் சலித்துக்கொள்கிறார்கள். சலிப்பு நியாயம்தான். ஆனால் தமிழ் கடினமான மொழி, அதனால்தான் இப்படி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஏஐக்குப் படிக்கக் கிடைத்த தமிழ் குறைவு. 2020இல் வந்த ஜிபிடி-3 என்ற ஏஐக்குப் படிக்கக் கொடுத்த எழுத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆங்கிலம்.

நம்மிடம் எழுத்து இல்லாமல் இல்லை. எத்தனையோ துண்டறிக்கைகளும் அரசாணைகளும் ஸ்கேன் செய்த படமாகவோ பழைய எழுத்துருவிலோ கிடக்கின்றன. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ கணினிக்குள் jkpo; என்றுதான் இருக்கிறது. இயந்திரம் அதைத் தமிழாக எப்படி எடுத்துக்கொள்ளும்? இத்தனை வருடமாகியும் யூனிகோடுக்கு மாற்றாமல் வைத்திருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சரி, அதுவரை என்ன செய்யலாம்? தென்னையையே எடுத்துக்கொள்வோம். “தென்னை ஓலையில் வெள்ளையாக இருக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?” என்று கேட்டுப் பார்த்தேன். எந்தப் பயிருக்கும் பொருந்துகிற பொதுப் பதில், கூடவே ஒரு பூச்சிக்கொல்லியின் பெயர். அது ஆபத்து. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயாக அது இருந்தால், அதை அடக்கி வைப்பது என்கார்சியா என்ற சின்னக் குளவி. மருந்தடித்தால் முதலில் சாவது குளவி, அப்புறம் ஈ இன்னும் பெருகும்.

அதே கேள்வியை இப்படி மாற்றினேன்: “பொள்ளாச்சி, பத்து வயது நெட்டை தென்னை. ஓலையின் அடிப்புறம் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு, கீழ் ஓலைகளின் மேல் கரும்பூசணம். ரூகோஸ் வெள்ளை ஈயா? எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்? ரசாயனம் இல்லாமல் என்ன செய்யலாம்? ஆங்கிலத் தகவல்களையும் பார்த்துவிட்டுத் தமிழில் சொல்.” இப்போது மஞ்சள் ஒட்டும் பொறி, ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சுவது, கரும்பூசணத்துக்கு மைதா கரைசல் என்று சரியான தடத்துக்கு வந்தது. ‘வெள்ளையாக இருக்கிறது’ என்பது எதையும் குறிக்கலாம். பூச்சியின் பெயரும் அறிகுறியும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் அது படித்தது வெளியே வர வழி கிடைக்கிறது.

இதைவிட நல்ல வழி, வேளாண் பல்கலைக்கழகத்தின் குறிப்பு கையில் இருந்தால் அந்தப் பத்தியையே ஒட்டி, “இதில் உள்ளதை மட்டும் வைத்துச் சொல், இல்லாததை இல்லை என்று சொல்” என்று கேட்பது. அப்போது அதற்குத் தெரியாத தமிழை நாமே கொடுத்துவிடுகிறோம்.

அளவுகளை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். லிட்டருக்கு இத்தனை கிராம் என்று சொன்னால், அதே கேள்வியைப் புது உரையாடலில் ஆங்கிலத்திலும் கேளுங்கள். எண் மாறினால் இரண்டையும் ஒதுக்கிவிட்டு வட்டார வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எண் ஒத்துப்போனாலும், தெளிக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் நல்லது. இரண்டு மொழியிலும் ஒரே தவறு வர வாய்ப்பிருக்கிறது.