அரியரும் 89ஆம் பிரிவும்

“2023-24ல் மூன்று வருஷ சம்பள அரியர் மொத்தமா வந்துச்சு. பழைய ரிட்டர்ன் எல்லாம் திருத்தணுமா?”

வேண்டாம் சார். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, அரியரால் கூடும் வரிக்கு நிவாரணம் தருகிறது; அதற்குக் கணக்கில் மட்டும்தான் பின்னால் போக வேண்டும். பழைய வரி முறையில் ஒரு கணக்கு: அரியர் 3 லட்சம், அது போக அந்த ஆண்டு வரிக்குரிய வருமானம் 9 லட்சம். அரியரால் கூடும் வரி, செஸ் சேர்த்து, 83,200. அதையே 2020-21 முதல் 2022-23 வரை ஆண்டுக்கு ஒரு லட்சமாகப் பிரியுங்கள். அப்போது வருமானம் 6, 7 லட்சம் என்றால் எல்லாம் 20 சதவீதத்திலேயே நிற்கும், கூடுவது 62,400. வித்தியாசம் 20,800தான் நிவாரணம். அன்றும் இன்றும் ஒரே அடுக்கு, ஒரே விகிதம் என்றால் ஒன்றும் கிடைக்காது.

அப்புறம், ரிட்டர்னுக்கு முன்பே வருமான வரி போர்ட்டலில், இந்த நிவாரணத்தைக் கோரும் படிவமான Form 10E போட்டுவிட வேண்டும். அதில் மதிப்பீட்டு ஆண்டு, பணம் கைக்கு வந்த ஆண்டுக்கானது, அதாவது 2024-25. நான் ரிட்டர்னில் தொகையை மட்டும் எழுதிவிட்டு 10E-யை மறந்தேன். நிவாரணத்தை அடித்துவிட்டு, வட்டியோடு கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அரியர் எந்த மாதத்துக்கு எவ்வளவு என்ற பட்டியலை அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பிரிக்கவே முடியாது.