ஆபீஸில் வாசிப்புச் சவாலா? புத்தகத்தை எண்ணாதீர்கள்

ஆபீஸில் வாசிப்புச் சவால் நடத்தப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எதை எண்ணப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் புத்தகத்தை எண்ணுகிறார்கள். மூன்று மாதத்தில் ஆளுக்கு ஐந்து புத்தகம், முதலில் முடிப்பவருக்குப் பரிசு, நோட்டீஸ் போர்டில் பெயர். ஏற்கெனவே படிக்கிற நாலு பேர் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். மற்றவர்கள் முதல் புத்தகத்திலேயே நாற்பதாம் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த நோட்டீஸ் போர்டு இருக்கிற பக்கமே வரமாட்டார்கள். படிக்கப் பிடிக்காமல் இல்லை, பின்தங்கிவிட்டோமே என்கிற கூச்சம்.

நான் இருப்பது ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில். நாங்கள் எண்ணியது நாட்களை. பத்து நிமிடம் படித்தால் அன்றைக்கு ஒரு டிக். ஆறு வாரம், வாரத்துக்கு ஆறு வேலை நாள், ஆக 36 கட்டம் போட்ட ஒரு அட்டை. அதில் 24 டிக் வந்தால் முடித்த கணக்கு. முப்பத்தாறையும் கேட்கவே கூடாது. ஷிப்மென்ட் வாரத்தில் ஓவர்டைம் வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஒரு நாள் விட்டாலே போச்சு என்று வைத்தால் அன்றைக்கே அட்டை குப்பைக்குப் போய்விடும். வாரத்துக்கு இரண்டு நாள் விடலாம் என்பதால்தான் 24. நிதானமாகப் படித்தாலும் பத்து நிமிடத்தில் நாலு பக்கம் ஓடும், கடைசியில் கிட்டத்தட்ட நூறு பக்கம், ஒரு மெல்லிய சிறுகதைத் தொகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஒரு புத்தகம்கூட முடிக்காதவருக்கு அது பெரிய விஷயம்.

பஸ்ஸில் படிக்கலாமே என்பார்கள். ஆற்காடு, சோளிங்கர் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் காலையில் பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேருக்குத் தலை சுற்றும். சாப்பாட்டுக்கு அப்புறம் மிஞ்சுகிற நேரம்தான் சரிப்பட்டது. அதனால் புத்தகப் பெட்டி கேன்டீனில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில். எச்ஆர் ரூமில் வைத்தால் போய் எடுக்க யாருக்கும் கால் வராது.

சர்க்குலரும் வேண்டாம், பெயர் லிஸ்ட்டும் வேண்டாம். அட்டைகளைப் பெட்டிமேல் வைத்துவிட்டால் வேண்டியவர் எடுத்துக்கொள்வார், அவரவர் பையில் இருக்கட்டும். சூப்பர்வைசர் கண்ணில் படும்படி சுவரில் மாட்டியிருந்தாலோ, பணப் பரிசு என்று சொல்லியிருந்தாலோ பொய் டிக் வரும். பார்த்தாலே தெரியும், ஒரு வாரத்து ஆறு டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, சனிக்கிழமை சாயங்காலம் மொத்தமாகப் போட்டது. முடித்தவர் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை வீட்டுக்கே எடுத்துப் போகலாம், அவ்வளவுதான் எங்கள் பரிசு.

எது புத்தகம் என்பதில் கறாராக இருக்காதீர்கள். தையல் பகுதியில் வீட்டில் உருது பேசுகிற ஒரு அக்கா கேட்டார்: "தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் தம்பி, என் பொண்ணோட மூணாங்கிளாஸ் புக் கணக்குல வருமா?" வரும் அக்கா என்றேன். ராத்திரி பொண்ணும் அவரும் ஆளுக்கு ஒரு பத்தி சத்தமாகப் படித்திருக்கிறார்கள். முதலில் முடித்தவர்களில் அவரும் ஒருவர்.

எல்லாச் சவாலும் சாய்கிற இடம் மூன்றாவது வாரம். சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் பயனில்லை, பெரும்பாலும் கையில் இருப்பது தப்பான புத்தகம். ஸ்டோர்ஸில் இருக்கும் அண்ணன், எல்லோரும் சொல்கிறார்களே என்று ஐந்து பாகச் சரித்திர நாவலின் முதல் பாகத்தை எடுத்தார். முதல் இரண்டு வாரத்தில் ஒன்பது டிக், மூன்றாவது வாரம் ஒன்றுகூட இல்லை. "என்னண்ணே படிக்கிறீங்க" என்று டீ நேரத்தில் கேட்டதற்கு, ஆட்கள் பெயரெல்லாம் குழம்புது என்றார். பாதியில் விட்டால் தப்பில்லை, டிக் எல்லாம் அப்படியே நிற்கும் என்று சொல்லி, ஆறேழு பக்கக் கதைகளாக உள்ள ஒரு தொகுப்பைக் கொடுத்தேன். மிச்சம் இருந்தது மூன்று வாரம், 18 கட்டம், தேவை 15. கடைசி வாரத்தில்தான் தொட்டார். இதையே நாலாவது வாரம் முடிந்த பிறகு கேட்டிருந்தால் மிச்சம் 12 கட்டம்தான், ஒன்பதோடு சேர்த்தாலும் 21, என்ன படித்தாலும் எட்டாது. வாட்ஸப் குரூப்பில் நினைவூட்டல் போடுவதை நான் நம்புவதில்லை. மூன்றாவது வாரம் ஆள் ஆளாகப் போய்ப் பேச வேண்டும், அதுவும் எத்தனை டிக் என்று கேட்காமல், என்ன கதை என்று கேட்டு.

தீபாவளிக்கு முன்னால் ஆரம்பிக்காதீர்கள், யாருக்கும் மனசு இருக்காது. எங்கள் அடுத்த சுற்று பொங்கல் கழித்து. சித்தூர் பக்கத்து ஆட்கள் தெலுங்கில் கேட்கிறார்கள், பெட்டியில் ஒன்றுமே இல்லை. வேலூர், காட்பாடிப் பக்கம் யார் வீட்டிலாவது சின்னச் சின்னத் தெலுங்குக் கதைப் புத்தகங்கள் சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.