கூலி நெல்லை எந்த விலைக்குக் கணக்குப் போடுறது?

போன மாசியில எங்க அத்தை ஒரு வாரம் பாத்த வேலையை நோட்டுல எழுதி வச்சேன். காரணம், ஊருல ஒரு மிராசுதார் டீக்கடையில உக்காந்து "அதெல்லாம் வாரத்துக்கு ரெண்டாயிரத்து நூறு சம்பாதிக்குது"ன்னு சொன்னது. அந்தக் கணக்கு எங்கேருந்து வருதுன்னு பாத்தா சிக்கலே அங்கதான் இருக்கு.

வேலை இதுதான். திங்கள் செவ்வாய் பருத்திக் கொல்லையில களை எடுத்தாங்க, நாளுக்கு 300, கைக்கு 600. புதன் வியாழன் வெள்ளி அறுப்பு. மெஷின் இறங்க முடியாத பள்ளத்து வயல், பயிரும் சாஞ்சு போச்சு, அதனால கையறுப்பு. நாளுக்கு 200 ரூபா, கூடவே 12 கிலோ நெல்லு. ஆக மொத்தம் பணம் 1200, நெல்லு 36 கிலோ.

மிராசுதார் கணக்குல நெல்லு கிலோ 25 ரூபா, 36 கிலோவுக்கு 900, அப்போ 2100. அந்த 25 எங்கேருந்து வந்துச்சு? 2025-26க்கு ஊக்கத்தொகையும் சேத்து அரசு கொள்முதல் நிலையத்துல சாதா ரகம் குவிண்டாலுக்கு 2500, அதுல இருந்து. ஆனா அந்த விலை அத்தைக்குக் கிடைக்கவே கிடைக்காது. கொள்முதல் நிலையத்துல நெல்லு போடணும்னா சிட்டா அடங்கல் வேணும், நிலமே இல்லாதவங்க எங்க போயி அடங்கல் வாங்குறது? அதோட அந்த விலை 17 சதவீத ஈரத்துக்குள்ள இருக்குற நெல்லுக்கு. களத்துல அளந்து குடுத்தது அன்னிக்கு அறுத்த ஈர நெல்லு. அத்தை ஒரு நெல்லை எடுத்து கடிச்சுப் பாத்தாங்க, காஞ்சதுன்னா கடுக்குன்னு உடையும், இது பல்லுல மாவா ஒட்டுச்சு.

அவங்க விக்கணும்னா வாசலுக்கு வர்ற வியாபாரிகிட்டதான். அவர் சொன்ன விலை 17. அப்படின்னா நெல்லு 612, வாரத்துக்கு 1812. அதே வேலை, அதே நெல்லு, விலையை மாத்துனா வாரத்துக்கு கிட்டத்தட்ட ஒரு நாள் களைக்கூலி காணாமப் போகுது.

அத்தை விக்கல, சாப்பாட்டுக்கு வச்சுக்கிட்டாங்க. இந்தக் கணக்கை யாரும் போடுறதில்ல, அதனால முழுசா சொல்றேன். சனி ஞாயிறு நெல்லை ரோட்டுல காயப்போட்டு, காலால கிளறி விட்டு, ஆட்டையும் கோழியையும் வெரட்டி, சாயங்காலம் தூத்தி எடுத்தாங்க. ஈரமும் பதரும் போக எடை போட்டப்ப 32 கிலோ. அப்புறம் ஊறப்போட்டு அவிச்சு மறுபடி காயவச்சு மில்லுக்குக் கொண்டு போனா 20 கிலோ அரிசி வந்துச்சு. கடையில அந்த மாதிரி புழுங்கரிசி 45 ரூபா, 900 ஆகுது. அரவைக் கூலி 90 கழிச்சா 810. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சனிக்கிழமை களை வேலைக்குக் கூப்பிட்டாங்க, நெல்லு காயுதுன்னு அத்தை போகல. அந்த 300ஐயும் கழிச்சா 510, வெறகு சேக்காமலே வியாபாரி விலைக்கும் கீழ. வேலையே இல்லாத நாள்னா இதைக் கழிக்க வேண்டியதில்ல, அதையும் ஒத்துக்குறேன்.

இன்னொன்னு, ரேஷன்ல அரிசி சும்மா கிடைக்கிற வீட்டுக்கு இந்த 20 கிலோவை முழுக் கடை விலைக்கு மதிக்கிறது சரியான்னும் யோசிக்கணும். ஆனா அத்தை "நம்ம நெல்லு சோறு வேறடா தம்பி"ன்னாங்க. ஐப்பசி கார்த்திகை மழையில வேலை இல்லாதப்ப பானையில இருக்குற அரிசி வட்டிக்கு வாங்காம காப்பாத்தும், அதுக்காகத்தான் அத்தை கூலியில ஒரு பங்கை நெல்லாவே கேக்குறாங்க. நெல்லுக் கூலியே வேணாம்னு நான் சொல்ல வரல, விலையை யாரு போடுறாங்கங்கிறதுதான் கேள்வி.

இது நேத்து வந்த சண்டை இல்ல. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதுலேருந்து வளந்த பகையிலதான் 1968 டிசம்பர் 25ல கீழ்வெண்மணியில 44 பேரைக் குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க. 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலியைப் பணமாத்தான் குடுக்கணும்னுச்சு, தானியமா குடுக்குற வழக்கம் இருக்குற எடத்துக்கு மட்டும் அரசு அனுமதி குடுக்கலாம்னுச்சு. அதுக்கு 1950ல வந்த மத்திய விதிகள்ல தானியத்தோட மதிப்புக்குப் பக்கத்துச் சந்தையோட சில்லறை விலையைக் கணக்குல எடுக்கணும்னு எழுதுனாங்க. அந்தச் சில்லறை விலை காஞ்சு தூத்துன நெல்லுக்கா ஈர நெல்லுக்கா, அங்கதான் ஓட்டை.

என் கருத்து இது. வாரக்கூலி இவ்வளவுன்னு சொல்றவங்க நெல்லை அத்தை வாசல்ல அன்னிக்கு விக்கிற விலைக்குப் போடணும், மிராசுதார் விக்கிற விலைக்கு இல்ல. கொள்முதல் விலைக்குத்தான் போடுவேன்னா நெல்லைக் காயவச்சு, தூத்தி, தராசுல நிறுத்துக் குடுங்க. இல்லன்னா அந்த 25ஐயே பணமா, நாளுக்கு 12 கிலோவுக்கு 300ன்னு கையில குடுங்க. களத்துல அறுத்தவங்கள்ல அத்தையையும் சேத்து நாலு பேருகிட்ட இதைக் கேட்டேன், மூணு பேரு பணம்னாங்க, அத்தை மட்டும் "ஒரு நாள் நெல்லு, ரெண்டு நாள் பணம்"னாங்க.