போனஸுக்குத் தனி வரியா?

"போனஸுக்குத் தனி வரி விகிதம், பிடித்தது பிடித்ததுதான், திரும்ப வராது."

போனஸைப் பற்றி இப்படிச் சொல்வது பாதிதான் சரி. போனஸ் மாதத்தில் அதிகமாகப் பிடிப்பது உண்மை, சில இடங்களில் அதற்கென்று வரிப் பிடித்தம் செய்யத் தனி விகிதமும் உண்டு. ஆனால் பொதுவாக அது முன்பணம் மாதிரிதான், ஆண்டு முடிவில் சம்பளத்தோடு போனஸையும் கூட்டித்தான் உண்மையான வரியைக் கணக்கிடுவார்கள்.

மாதச் சம்பளம் 1000, போனஸ் 3000 என்று வையுங்கள். ஆண்டுக்கு 13,500 வரை 10%, அதற்கு மேல் 30% வரி. வழக்கமாக மாதம் 100 பிடிப்பார்கள். போனஸ் வந்த மாதம் 4000 கிடைக்கிறது, சம்பள மென்பொருள் எல்லா மாதமும் இப்படித்தான் என்று நினைத்து 12 ஆல் பெருக்கினால் ஆண்டு வரி 11,700, அந்த மாதப் பங்கு 975. உண்மையான ஆண்டு வருமானமான 15,000-க்கு வரி 1800தான், மற்ற 11 மாதங்களில் 1100 பிடிப்பதால் அந்த மாதம் 700 போதும். கூடுதலாகப் பிடித்த 275, பின்வரும் மாதங்களிலோ ஆண்டுக் கணக்கிலோ சரிசெய்யப்பட வேண்டும்.

பேஸ்லிப்பில் அந்த மாத வரியை மட்டும் பார்க்காதீர்கள், பெரும்பாலும் பக்கத்தில் ஆண்டு தொடக்கத்திலிருந்து சேர்ந்த மொத்தம் இருக்கும், அதைப் பாருங்கள். அடுத்த மாதமும் வரி குறையவில்லையா? போனஸை மாதாமாதம் வரும் தொகையாகப் பதிந்திருக்கலாம். எனக்கு அப்படி நடந்தது, கேட்ட பிறகுதான் திருத்தினார்கள்.

"போனஸில் எனக்குப் பாதிதான் வந்தது" என்கிறீர்களா, உங்கள் பிடித்தங்களில் முன்பணமோ கடன் தவணையோ ஏதும் இருக்கிறதா? அது தெரியாமல் வரியைக் குறை சொல்ல முடியாது.