தொண்ணூறு நாள் கடனில் வரும் பெரிய ஓடர்

கொழும்பிலுள்ள பெரிய நிறுவனம் ஒன்று மாதந்தோறும் 400 கைத்தறிச் சாரங்கள் கேட்டு எங்கள் பாண்டிருப்புப் பட்டறைக்கு ஓடர் அனுப்பியிருக்கிறது. ஆனால் சரக்கை ஒப்படைத்து 90 நாட்கள் கழிந்த பின்னரே பணம் தருவார்களாம். மருதமுனையிலும் இங்கும் தறி வைத்திருக்கும் பலருக்கு இத்தகைய அழைப்புகள் வருவதால், நான் போட்ட கணக்கை எழுதுகிறேன்.

நூல், சாயம், கூலி எல்லாம் சேர்த்து ஒரு சாரத்துக்கு 1,500 ரூபா செலவு, அவர்கள் தரும் விலை 1,750 என்றால், மாதம் ஒரு இலட்சம் இலாபம் என்றே முதலில் தோன்றும். ஆனால் நூலைக் கைக்காசுக்கு வாங்கி, நெசவாளருக்கு வாரக் கூலி கொடுத்து, மாத முடிவில் சரக்கை அனுப்பி, அதன்பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். முதல் ரூபா கைக்கு வருமுன் நான்கு மாதச் செலவு, அதாவது 24 இலட்சம், நம் கையிலிருந்து போய்விடும். பலர் ஒரு மாதச் செலவான 6 இலட்சத்தை மட்டும் தயார் செய்துகொண்டு இறங்கி, இரண்டாம் மாதமே தறியை நிறுத்த நேர்வது இதனால்தான்.

அந்த 24 இலட்சத்தை ஆண்டுக்கு நூற்றுக்குப் 18 வட்டியில் வங்கியிடம் பெற்றால் மாதம் 36,000 ரூபா வட்டிக்கே போகும். அதையே மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வெளியில் வாங்கினால் வட்டி 1,20,000. இலாபத்தை விடக் கூடுதல். வட்டியே வேண்டாம் என்று நூலைக் கடனுக்கு எடுப்பவர்களும், கடைக்காரரின் கடன் விலைக்கும் கைக்காசு விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டுப் பார்க்கட்டும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது, 90 நாள் எந்தத் திகதியிலிருந்து எண்ணப்படுகிறது என்பது. மாத இறுதியிலிருந்து எண்ணுவதாக ஒப்பந்தத்தில் இருந்தால், 2ஆம் திகதி கொடுத்த சரக்குக்கு ஏறத்தாழ நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். சாயம் ஒத்துவரவில்லை என்று இரண்டு மாதம் கழித்துத் திருப்பியனுப்பும் உரிமையும் அவர்களிடம் இருந்தால், அந்தச் சாரங்களுக்கான காத்திருப்பு வீணாகிவிடும். எனவே சரக்குப் பொறுப்பேற்ற திகதியிலிருந்தே நாள் எண்ண வேண்டும், குறை சொல்வதாயின் ஏழு நாளுக்குள் சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்பது அவசியம். இதை முதல் சரக்கு அனுப்புமுன் கேட்டாக வேண்டும். மூன்று மாதச் சரக்கின் விலையான நம்முடைய 21 இலட்சம் அவர்களிடம் நிற்கும்போது பேரம் பேசும் வலு நமக்கு இருக்காது.

இவற்றையெல்லாம் எண்ணி, 400க்குப் பதிலாக மாதம் 150 சாரங்கள் தருவதாக எழுதியிருக்கிறோம். அதற்கு 9 இலட்சம் போதும். அது கடனில்லாமல் எங்களிடம் இருக்கிறது. மற்றத் தறிகள் கல்முனை, மட்டக்களப்புக் கடைகளுக்குக் கைக்காசுக்கு நெய்யும். கொழும்பு நிறுவனத்தின் பணம் ஒரு மாதம் பிந்தினாலும் வாரக் கூலி இந்தக் கடைகளின் காசிலிருந்து போகும். 400தான் வேண்டுமென்றால், மாதச் செலவில் பாதியான 3 இலட்சத்தை ஒவ்வொரு மாதமும் முற்பணமாகத் தர வேண்டும் என்றும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறோம்.